விரல் மறைத்த வரி

கூட வேலை செய்கிற லிப்ட் மெக்கானிக்குகள் அவனை ‘கவர்னர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதவியால் வந்த பெயர் இல்லை. லிப்ட் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் அதைப் பிடித்து நிறுத்துகிற சக்கரம் ஒன்று மேலே மெஷின் அறையில் இருக்கும். அதற்கு கவர்னர் என்று பெயர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி, “கவர்னரை யார் கடைசியா பார்த்தது?” என்பதுதான். யாராவது “பார்த்தாச்சுப்பா, நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு தானே மேலே ஏறிவிடுவான். “நல்லாத்தான் இருக்கும்” என்பது பார்த்தவன் சொல்கிற வார்த்தை இல்லை என்பது அவன் கட்சி.

பதினெட்டு மாடி ஆழத்தை எட்டிப் பார்த்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போல்ட் முடுக்குகிற ஆள். அவனுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்தவர்கள் உண்டு. அவன் மனைவி மட்டும் அப்படி நினைத்ததில்லை. “வெளியிலதான் கவர்னரு. வாண்டுக்கு ரெண்டு தும்மல் வந்தா போதும், வீட்டுல இவருக்குத்தான் முதல்ல காய்ச்சல் வரும்” என்று சிரிப்பாள்.

வாண்டு அவர்களுடைய ஒரே மகள். ஐந்து வயது. வேற்றுமொழி பேசுகிற அந்த வெளிநாட்டு ஊருக்கு அவர்கள் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்ப் பேச்சில் அவனுக்கு மேலே, கீழே, நிறுத்து, திற, எண்கள் இவ்வளவும் அத்துப்படி. வேலைக்கு அது போதும். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாண்டுக்கு அவனைவிட அதிகம் பேச வரும், ஆனால் அவளுக்கும் இன்னும் படிக்கத் தெரியாது.

இரண்டு மாதம் முன்பு குளிப்பாட்டும்போது அவள் தொடை இடுக்கில் ஒரு புடைப்பைப் பார்த்தாள் அம்மா. அழுதால், இருமினால் நெல்லிக்காய் அளவுக்கு வெளியே வரும். படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்றார்கள். சின்ன ஆபரேஷன், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா நிதானமாகச் சொன்னார்: நடு இரவுக்குமேல் சாப்பாடும் பாலும் கூடாது, காலை ஆறு மணி வரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம், ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும், மயக்கம் கொடுக்கிற வரை பெற்றவர்களில் ஒருவர் கூட இருக்கலாம். அவன் எல்லாவற்றையும் வேலைச் சீட்டு எழுதுவதுபோல எழுதிக்கொண்டான்.

அன்றைக்குக் காத்திருக்கும் அறையில் ஒரு படப் புத்தகம் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற முள்ளெலியின் கதை. வாண்டு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முள்ளெலி சக்கரம் வைத்த கட்டிலில் படுத்திருக்கிறது. பச்சைத் தொப்பி போட்ட கரடி டாக்டர் அதன் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு முகமூடியைப் பூவைப்போல நீட்டிக்கொண்டிருக்கிறார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் தலையாட்டிவிட்டார். வாண்டின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. “அழாத, அப்பா போட்டோ புடிச்சுக்கறேன்” என்று போனில் படம் எடுத்துக்கொண்டான். மடியில் பிள்ளை, ஒரு கையில் புத்தகம், மறு கையில் போன். முதல் படத்தில் மேலே இருந்த விளக்கு வெள்ளையாய்ப் பளபளத்தது. அதை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தான். அதற்குள் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவன் மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை, பத்து மணி வரை. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மறுநாள் லீவு வாங்கியதற்கு ஈடாக இந்த ஷிப்டைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. ஆக, வாண்டுக்குச் சோறு ஊட்டி, பல் தேய்த்துவிட்டு, ஏழரை மணிக்குக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது அவன்தான்.

“அப்பா, முள்ளெலிப் பக்கம் சொல்லு.”

“அப்பாவுக்கு அந்த எழுத்து படிக்க வராதேடா.”

“போனு படிக்கும்ல?”

அதுவும் சரிதான். போனில் ஒரு மொழிபெயர்க்கிற செயலி இருந்தது. வேலையிடத்தில் எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்க அதைத்தான் வைத்திருந்தான். படத்தை அதில் திறந்தான். அந்த ஊர் எழுத்து மறைந்து, அதே இடத்தில் கோணல்மாணலாகத் தமிழ் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. தலையணையில் சாய்ந்துகொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்டதைப் படித்தான்.

“கரடி மருத்துவர் முகமூடி வைக்கிறார். ஸ்ட்ராபெர்ரி வாசனை. முள் பன்றி ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிறது…”

“பன்றியா!” வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“போனுக்கு முள்ளெலிய தெரியல, பன்றிங்குது. சரி கேளு. பிறகு அது தூங்குகிறது எதையும் உணர்வதில்லை. மேலும் அது எழுந்திருப்பதில்…”

கண் வாயைவிட முன்னே ஓடி, வரியின் முடிவைப் பார்த்துவிட்டது. வாய் நின்றது. எழுந்திருப்பதில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கீழ் ஓரத்தில் மங்கலாக, இளஞ்சிவப்பாக, அவனுடைய கட்டைவிரல்.

“என்னப்பா? எழுந்திருப்பதில்?”

“ஒண்ணுமில்ல குட்டி. போனு தப்பா படிக்குது.”

பிள்ளைகளிடம் பொய் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டும். அது அவனிடம் எப்போதுமே இருந்ததில்லை. வாண்டு அவன் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு அப்படியே அணைந்தது.

“முள்ளெலி எழுந்திருக்கலையா?”

“எழுந்திருக்கும்டா…”

“நீ பார்த்தியா?”

அவன் வேலையில் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது. அவன் கண் மறுபடி போனுக்குப் போனது. அந்த ஒரு நொடி தாமதம் போதுமானதாக இருந்தது. வாண்டு கட்டிலிலிருந்து சரிந்து இறங்கினாள், வெறுங்காலோடு ஓடினாள், குளியலறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

“நான் நாளைக்கு வரமாட்டேன்! நான் தூங்கவே மாட்டேன்!”

கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னப் பிளவு இருந்தது. ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும். அவனுக்கு அது இரண்டு நொடி வேலை. நாணயத்தைக் கையில்கூட எடுத்துவிட்டான். ஆனால் திறந்து, அழுகிற பிள்ளையைத் தூக்கி, என்ன சொல்வது? முள்ளெலி எழுந்தது என்றா? அவனுக்கே தெரியாதே. நாணயத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்வதை வயிறு கேட்கவில்லை. ஒருவேளை எழுதியிருந்தால்? ஒருவேளை இந்த ஊர்க்காரர்கள் எதையும் மூடி மறைக்காமல் பிள்ளைகளிடமே சொல்லிவிடுவார்களோ? அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ‘மிக அரிதாக’ என்று ஆரம்பித்த ஒரு வரியை மொழிபெயர்ப்பாளர் அம்மா படித்தார். அப்போது அதைக் கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிட்டான். இப்போது அந்த வரி எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

வார்டு எண்ணுக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தார். அவன் தனக்குத் தெரிந்த இருபது வார்த்தைகளையும் கொட்டினான். குழந்தை, நாளை, புத்தகம், தூக்கம், எழு. அவர் அன்பாகத்தான் என்னவோ நீளமாகப் பதில் சொன்னார். அதில் ‘நாளை’யும் ‘ஏழு’ம்தான் புரிந்தது. மொழிபெயர்ப்பாளர் பகலில் மட்டும் போலிருக்கிறது. நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

போனில் இன்னொன்றும் இருந்தது. எழுதிக் கேட்டால் பதில் சொல்கிற செயற்கை அறிவுச் செயலி. மனைவி அரசாங்கக் கடிதங்களைப் படம் பிடித்து அதில்தான் கேட்பாள். அவனுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இப்போது வேறு வழி இல்லை. படத்தை ஏற்றி, தட்டுத்தடுமாறித் தட்டினான்: “இந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது. கடைசி வரி என்ன. என் மகளுக்கு நாளை ஆபரேஷன். முள்ளெலி எழுந்ததா.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. முதலில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக, மூலத்தில் இருக்கிறபடி எழுதிவிட்டு, பிறகு மொத்தமாகத் தமிழில் சொல்லியிருந்தது. கடைசியில் இப்படி இருந்தது:

“கடைசி வரியின் பாதி உங்கள் விரலால் மறைந்திருக்கிறது. தெரிகிற பகுதி: ‘அது எழுந்திருக்காது’. அந்தச் சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளியின் வால் தெரிகிறது, முற்றுப்புள்ளி இல்லை. ஆகவே வாக்கியம் அங்கே முடியவில்லை. இந்த மொழியில் ‘இன்னது நடக்கும் வரை’ என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். இப்படிப்பட்ட புத்தகங்களில் பெரும்பாலும் ‘எல்லாம் முடியும் வரை அது எழுந்திருக்காது’ என்று இருக்கும். ஆனால் அது என் ஊகம்தான். மறைந்த பகுதியை நான் பார்க்கவில்லை. வேறு படம் ஏதாவது இருக்கிறதா?”

அவன் அதை மூன்று தடவை படித்தான். இப்போது விளங்கியது. தமிழில் ‘முடியும் வரை’ முன்னால் வந்துவிடும், பிறகுதான் ‘எழுந்திருக்காது’ வரும். பயப்பட இடமே இருக்காது. அங்கே தலைகீழ். மொழிபெயர்க்கிற செயலி ஒவ்வொரு வரியாகப் பெயர்த்து ஒட்டியிருக்கிறது. வாக்கியம் அடுத்த பாதியைத் தேடுகிறதே என்று அது கவலைப்படவில்லை. அடுத்த பாதி இருந்த இடத்தில் அவன் விரல்.

மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தை அவனை விடவில்லை. ‘நல்லாத்தான் இருக்கும்’ என்பதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

“அப்பா.” கதவுக்குள்ளிருந்து சின்னக் குரல்.

“இங்கதான் இருக்கேன் குட்டி. கதவுகிட்டயே உக்காந்திருக்கேன்.”

“செத்துப்போச்சா?”

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. “இல்லடா. அந்தக் கடைசி வரிய அப்பாவோட விரல் மறைச்சிடுச்சு. பாதிதான் தெரியுது. மீதியத் தேடிக்கிட்டிருக்கேன். கண்டுபுடிச்சுச் சொல்றேன், பொய் சொல்லமாட்டேன்.”

“சீக்கிரம் தேடு.”

வேறு படம். எடுத்தானே, இருந்ததே, அவனேதான் அழித்தான். படங்களின் பட்டியலில் மேலும் கீழும் தள்ளினான்: லிப்ட் கதவு, தேய்ந்த பிரேக் கட்டை, கண்ட்ரோல் பெட்டி, வாண்டு, வாண்டு, மறுபடி பிரேக் கட்டை. அழித்த படங்கள் உடனே போய்விடுவதில்லை, ஒரு மாதம் தனியாக ஒரு இடத்தில் கிடக்கும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. தேடினான். பட்டியலின் அடியில், குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஒரு பெட்டி. தொட்டால் கடவுச்சொல் கேட்டது. முதல் தடவை தப்பாகப் போட்டான். இரண்டாவது தடவை திறந்தது.

இருந்தது. படத்தின் மேல் ஒரு சின்ன எண்: இன்னும் இருபத்து மூன்று நாள். அதற்குப் பிறகு நிஜமாகவே போய்விடும்.

மீட்டெடுத்துத் திறந்தான். விளக்கு வெளிச்சம் கரடியின் முகத்தையும் நடு மூன்று வரிகளையும் வெள்ளையாய் விழுங்கியிருந்தது. ஆனால் கீழ் ஓரம் திறந்து கிடந்தது. விரல் இல்லை. எழுத்து கொஞ்சம் சாய்ந்து, கை ஆடியதில் லேசாகக் கலங்கியிருந்தது. அந்தக் கீழ்ப் பட்டையை மட்டும் வெட்டி, நேராக்கி, பெரிதாக்கி அனுப்பினான். புத்திசாலித்தனமாக எதுவும் கேட்கவில்லை. “இதில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்” என்று எழுதினான்.

பதில் வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் சில நொடிதான் இருக்கும். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

“இப்போது முழு வரியும் தெரிகிறது: ‘அது எழுந்திருக்காது, கரடி டாக்டர் எல்லாவற்றையும் முடித்து, தூக்க மருந்தை நிறுத்தும் வரை.’ ‘நிறுத்தும்’ என்று நான் படித்த சொல்லில் இரண்டு எழுத்து கலங்கலாக இருக்கிறது. ‘குறைக்கும்’ என்றும் இருக்கலாம். எப்படிப் படித்தாலும் பொருள் ஒன்றுதான்: ஆபரேஷன் நடக்கும்போது இடையில் விழிக்காது, முடிந்த பிறகு விழிக்கும். ‘வரை’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது.”

அவன் தலையைக் கதவில் சாய்த்தான். கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததைத் துடைத்துக்கொண்டான்.

“குட்டி, கிடைச்சிடுச்சு.”

“என்ன கிடைச்சுது?”

“மீதி வரி. ரெண்டு நிமிஷம் இரு, கதையாவே சொல்றேன்.”

அந்தச் செயலியிடமே கேட்டான்: ஐந்து வயது, பயந்துபோய் இருக்கிறாள், பாதி வரியைக் கேட்டுவிட்டாள், இந்தப் பக்கத்தை வைத்துத் தூங்கவைக்கிற கதை வேண்டும். வந்த கதை ஒரு முழ நீளம் இருந்தது. ‘அஞ்சாதே குட்டி முள்ளெலியே’ என்று பாடப்புத்தகம்போல் பேசியது. நடுவில், ‘உனக்கு வலிக்கவே வலிக்காது’ என்று ஒரு வரி. அந்த வரியில் அவன் நின்றான். நாளைக்குச் சாயங்காலம் தையல் போட்ட இடம் வலிக்கும்போது அவள் அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன பதில்? “வலிக்காது என்று சொல்லாதே. சின்னதாக, பேசுகிறதுபோல எழுது. பக்கத்தில் இல்லாததைச் சேர்த்தால் எதைச் சேர்த்தாய் என்று சொல்” என்று எழுதினான்.

செயலி ஒத்துக்கொண்டது. தூங்கும்போது வலி தெரியாது, எழுந்த பிறகு கொஞ்சம் வலிக்கலாம், அதற்கு மருந்து தருவார்கள் என்பதே சரி என்றது. முகமூடி, ஸ்ட்ராபெர்ரி வாசனை, எண்ணுவது, கடைசி வரி, இவை மட்டும்தான் பக்கத்தில் உள்ளவை. கூட இருக்கிற அப்பாவைத் தானாகச் சேர்த்ததாகச் சொன்னது. உங்கள் ஆஸ்பத்திரியில் முகமூடியா ஊசியா, எந்த வாசனை என்பதை டாக்டரிடம் காலையில் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தது.

அவன் கதையை ஒருமுறை படித்துக்கொண்டான். பிறகு போனில் அந்தப் படத்தைத் திறந்து கதவின் அடியிலிருந்த இடைவெளியில் மெதுவாக உள்ளே தள்ளினான்.

“கீழ பாரு. கடைசி வரி தெரியுதா?”

“அந்த வெள்ளையா இருக்கறது என்ன?”

“அது லைட்டு. அதுக்குக் கீழ பாரு. விரல் இல்ல பாத்தியா?”

“இல்ல.” கொஞ்சம் யோசனை. “சரி, சொல்லு.”

போன் உள்ளே போய்விட்டது. இனிமேல் மனதில் இருப்பதுதான்.

“ஒரு ஊர்ல ஒரு முள்ளெலி. அதுக்கு வயித்துக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை. அது சிரிச்சா, இருமினா, உள்ள இருக்கற குடல் ‘நானும் வெளிய வரேன்’னு எட்டிப் பார்க்கும்.”

“எனக்கு மாதிரி.”

“உனக்கு மாதிரியேதான். கரடி டாக்டர் சொன்னாரு, நான் தைச்சுத் தரேன், ஆனா நீ ஆடாம இருக்கணும்னு. முள்ளெலி சொல்லுச்சு, நான் ஆடாம இருந்ததே கெடையாதே, ஊசிய பார்த்தா குதிப்பேனேன்னு. அப்ப கரடி டாக்டர், அதுக்குத்தான் உனக்கு ஒரு தூக்கம் தரேன், இது ராத்திரி தூக்கம் மாதிரி இல்ல, கூப்பிட்டாலும் எழுந்திருக்காத தூக்கம்னாரு.”

தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்தான். ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. இதன் வழியாகத்தான் போகவேண்டும்.

“அப்ப எப்பதான் எழுந்திருக்கும்?” என்றாள் வாண்டு.

“அதத்தான் முள்ளெலியும் கேட்டுச்சு. கரடி டாக்டர் சொன்னாரு, நான் முடிக்கற வரைக்கும் எழுந்திருக்கமாட்டே. முடிச்சதும் மருந்த நிறுத்துவேன். நிறுத்தினதும் எழுந்திருச்சிடுவே. அதுதான் அந்தக் கடைசி வரி. நான் சொல்லல, அங்க எழுதியிருக்கு.”

“நடுவுல மருந்து தீந்துபோச்சுன்னா? இல்ல ஜாஸ்தியா போயிடுச்சுன்னா?”

ஐந்து வயதுக் கேள்வியா இது? அவனுடைய கேள்வி. “அதப் பார்த்துக்கறதுக்குன்னே ஒரு டாக்டர் இருப்பாங்க. தைக்கறவங்க வேற, இவங்க வேற. இவங்க முள்ளெலி பக்கத்துலயே இருந்து, மூச்சு எப்படி வருது, நெஞ்சு எப்படி துடிக்குதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. வேற எங்கயும் போகமாட்டாங்க.”

“பாத்ரூமுக்குக்கூடவா?”

“பாத்ரூமுக்குக்கூட, வேற ஆள உக்காரவச்சுட்டுத்தான் போவாங்க.”

உள்ளே ஒரு ‘களுக்’ சத்தம். சிரிப்பா விக்கலா தெரியவில்லை.

“எழுந்ததும் வலிக்குமா?”

“கொஞ்சம் வலிக்கும்டா. முட்டியில சிராய்ச்சா வலிக்குமே, அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கலாம். சொன்னா மருந்து தருவாங்க.”

“முள்ளெலியோட அப்பா எங்க இருந்தாரு?”

“அது தூங்கற வரைக்கும் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் வெளிய நாற்காலில உக்காந்து நகத்தக் கடிச்சாரு. எழுந்திருக்கும்போது மறுபடி பக்கத்துல வந்துட்டாரு.”

தாழ்ப்பாள் விலகியது. வாண்டு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் ஐஸாக இருந்தன. தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டான். “இன்னொரு தடவ” என்றாள். சொன்னான். இரண்டாவது தடவை கரடி டாக்டர் முகமூடி வைக்கும்போதே கண் செருகிவிட்டது.

மனைவி வந்தபோது அவன் மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “எனக்கும் அந்தப் பயம்தான். நீங்க பயந்துடுவீங்களேன்னு சொல்லல” என்றாள். அன்றைக்கு இருவரும் தூங்கியதாகச் சொல்ல முடியாது.

காலையில் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஒல்லியான, அவசரப்படாத ஒரு பெண்மணி. கூடவே, மேசைமேல் வைத்த போனில் மொழிபெயர்ப்பாளர். அவன் எழுதிவைத்திருந்த கேள்விகளை எடுப்பதற்குள் வாண்டு தானே அந்த ஊர்ப் பேச்சில் டாக்டரிடம் என்னவோ கேட்டுவிட்டாள். டாக்டர் அவள் உயரத்துக்குக் குனிந்து பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் போனிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “முடிஞ்சதும் மருந்தை நிறுத்துவீங்களான்னு உங்க பொண்ணு கேட்டா. டாக்டர் சொல்றாங்க, நானேதான் நிறுத்துவேன், அதுவரைக்கும் உன் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். முகமூடிதான், ஆனா ஸ்ட்ராபெர்ரி தீந்துபோச்சு, ஆரஞ்சுதான் இருக்காம், பரவாயில்லையான்னு கேக்கறாங்க.”

வாண்டு பெரிய மனது பண்ணி ஆரஞ்சுக்கு ஒத்துக்கொண்டாள்.

உள்ளே போனது அவன். பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். அவள் கை அவன் கைக்குள். முகமூடி வந்தது. அவள் எண்ணினாள்; ஐந்து வரை தமிழில், அப்புறம் அந்த ஊர்ப் பேச்சில். ஏழு என்று சொல்லும்போது நாக்கு குழறியது. கண் பாதி மூடி மேலே செருகியது. அவன் கைக்குள் இருந்த கை தொளதொளவென்று ஆகிவிட்டது. தூங்குகிற பிள்ளையின் கைகூட இப்படி இருக்காது. இதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. நர்ஸ் அவன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கதவு மூடியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தைந்து ஆனது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். பிறகு கதவு திறந்து, அதே டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எழுந்திருக்கிற அறையில் வாண்டு கத்திக்கொண்டிருந்தாள். கரகரத்த குரலில், கண்ணைத் திறந்தும் யாரையும் அடையாளம் தெரியாமல், காலை உதைத்து, “வேண்டாம் வேண்டாம்” என்று. பல குழந்தைகள் இப்படித்தான் விழிப்பார்கள், சிறிது நேரத்தில் தெளிந்துவிடும் என்று நர்ஸ் சைகையிலும் சொல்லிலுமாகப் புரியவைத்தார். அவள் நெற்றியில் கைவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பத்து நிமிடம். அது என்ன பத்து நிமிடம்! மெதுவாக உதைப்பது நின்றது. கண் அவனிடம் வந்து தங்கியது.

“அப்பா,” என்றாள். “வலிக்குது. நீ சொன்னதைவிட ஜாஸ்தி.”

“சொல்லிட்டேல்ல, மருந்து தருவாங்க” என்று திரும்பினான். நர்ஸ் அதற்குள் கையில் மருந்தோடு வந்துகொண்டிருந்தார். அதைக் குடித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அதில் பாதியை அவன் சட்டைமேலேயே வாந்தி எடுத்தாள் வாண்டு.

சாயங்காலம் நாலு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி மருந்துப் பையோடு முன்னால் போக, அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் முகம் சுளிப்பது கழுத்தில் தெரிந்தது. பஸ் நிறுத்தம் இருநூறு அடிதான். அதைக் கடக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. பஸ் இரண்டு வந்து போய்விட்டது. “வாங்களேன்” என்று மனைவி திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிள்ளையோடு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், கீழே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தான்.